பாலைவனத்தில் வெட்டிய கான்

இலங்கையில் றக்வானைக்கு மேலே, பஸ் முக்கி முனகி ஏறும் தேயிலைத் தோட்டமொன்றில் இந்திரகுமாருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கான் மாஸ்டர். பள்ளிக்கூடத்து மாஸ்டர்மாருக்கு அது பிடிக்காது. ஆனால் மழைக்காலத்தில் எல்லாரும் தேடுவது எந்த மாஸ்டரை என்று ஊருக்கே தெரியும்.

தேயிலைச் சரிவில் தண்ணீரை நேரே இறங்க விட்டால் மேல்மண் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, மெல்லச் சாய்ந்தாற்போல ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஓரமாக நடத்திக் கொண்டுபோய் ஓடையில் விடுவார்கள். அதுதான் கான். சாய்வு கூடினால் தண்ணீர் கானையே அரித்துவிடும். குறைந்தால் தேங்கி நின்று உடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே அந்தப் பதமான சாய்வு இந்திரகுமாருக்குக் கருவியில்லாமலே கண்ணில் விழும். மமட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். பிறகு வெட்டத் தொடங்குவான். "தண்ணியும் மாடு மாதிரித்தான், வழி காட்டினா போயிரும்" என்பது அவன் அடிக்கடி சொல்வது. ஆளுக்கு அடக்கம் கொஞ்சம் குறைவு. ஆனால் வேலை சுத்தம், அதனால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மகள் ஷாமிளா உயர்தர வகுப்பு படிக்கத் தொடங்கியபோது, தோட்டத்து வேலையை நம்பியிருந்தால் ஆகாது என்று அவன் ஓமானுக்குப் புறப்பட்டான். தோட்டமே வேண்டாம் என்று கடல் தாண்டிப் போன மனிதனுக்கு அங்கே கிடைத்த வேலையும் தோட்டத்தில்தான். விதியைத் திட்டிப் பயனில்லை. அதற்கும் கான் வெட்டத் தெரிந்திருக்கும்.

இது பேரீச்சந்தோட்டம். பின்னால் தூரத்தில் புல் முளைக்காத மொட்டை மலைகள். அந்த மலையில் ஒரு இடுக்கு. இடுக்கின் வாயிலிருந்து கீழே தார் ரோடு வரைக்கும் ஒரே கல்லும் மணலும், அரிசி மூட்டையின் வாயைக் கிழித்துக் கொட்டியதுபோல அகலமாக விரிந்து கிடக்கும். மலை வாயிலே யானைக்குட்டி அளவில் பாறைகள். கொஞ்சம் கீழே வந்தால் தேங்காய் அளவு. அதற்கும் கீழே கைப்பிடிக் கல், பிறகு சரளை. கடைசியில், ரோட்டுக்குப் பக்கத்தில், மா மாதிரி வண்டல். அந்த வண்டலில்தான் பேரீச்சை நின்றது. யாரோ சொளகில் போட்டுப் புடைத்துப் பிரித்து வைத்ததுபோல இருந்த அந்த ஒழுங்கைப் பார்த்து இந்திரகுமாருக்கு ஆச்சரியம்தான். யார் பிரித்தது என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

தோட்டத்து முதலாளி ஸாலிம், இந்திரகுமாரை விட வயதில் சின்னவன். வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவான், வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்துக்கு வருவான். அவனுடைய அரபிக்கும் இந்திரகுமாருடைய தமிழுக்கும் நடுவில் பாலமாக நின்றவர் புவாட் நானா. நானா என்றால் அண்ணன். இரத்தினபுரிக்காரர். ரோட்டோரத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஊரில் அவருடைய குடும்பம் மாணிக்க வியாபாரம். அதனால் எந்தக் கல்லைக் கண்டாலும் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

"இவ்வளவு கல்லு இரத்தினபுரியில கெடந்திருந்தா ஊரே கிடங்கு தோண்டிக் கவுந்திருக்கும் தம்பி" என்பார். "இங்க பாருங்க, ஒண்ணுலயும் ஒளி இல்ல."

வந்த புதிதில் ஸாலிம் ஒரு கேள்வி கேட்டான். தங்குவதற்குத் தகரக் கேபின் ஒன்று வருகிறது, அதை எங்கே இறக்குவது, உனக்கு எந்த இடம் பிடிக்கும் என்று. புவாட் நானா மொழிபெயர்த்ததும் இந்திரகுமார் இன்னொருமுறை சொல்லச் சொன்னான். அவன் பிறந்தது லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற ஒற்றையறைகளில் ஒன்றில். அவன் அப்பா பிறந்ததும் அதே லயத்தில். யாருக்கு எந்தக் காம்பிரா என்பதை எவனோ ஒரு தொரை என்றைக்கோ தீர்மானித்துவிட்டுப் போய்விட்டான். வீடு எங்கே வேண்டும் என்று ஒருவன் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் நடந்து பார்த்தான். தோட்டத்துக்குச் சற்று மேலே, சரளை படுத்த மட்டமான வெளியில் ஒரு முள்மரம் நின்றது. நல்ல நிழல், கீழே மெத்தென்ற நிலம். றக்வானைக்காரனுக்கு மண்சரிவுதான் பயம். செங்குத்தான மலையடியில் வீடு இருக்கக் கூடாது, மட்டமான இடம்தான் பத்திரம் என்பது தாய்ப்பாலோடு வந்த பாடம். இங்கே மலை எட்டாத தூரத்தில் இருக்கிறது. பிறகென்ன? "இந்த எடம்" என்று மமட்டியை நட்டான்.

ஸாலிம் தலையைச் சொறிந்தான். அந்த இடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் உயரமாக, ஒரு மேடு இருந்தது. அதன் கற்கள் எல்லாம் எண்ணெய் தடவியதுபோலக் கறுத்துப் போனவை. மரம் இல்லை, புல் இல்லை, வெயிலில் தோசை சுடலாம்.

"கறுப்புக் கல்லுல வைங்கங்கிறார்" என்றார் புவாட் நானா. "கறுப்புன்னா கனகாலமா ஒரே எடத்துல கெடந்து வெயில் குடிச்ச கல்லாம். தண்ணி பொரட்டாத கல்லு. வெள்ளையா இருக்கிறதெல்லாம் நேத்து வந்த கல்லாம்."

"நேத்தா? நான் வந்து இவ்வளவு நாளா ஒரு துளி விழலியே நானா."

"நேத்துன்னா அவங்க தாத்தா காலமும் நேத்துத்தான்."

இந்திரகுமார் சிரித்தான். அவனுடைய முதல் வீட்டை, அவனே தேர்ந்த இடத்தை, அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பானா? முள்மர நிழலிலேயே கேபின் இறங்கியது.

மாரிகாலத்தில் ஒருநாள் தூறல் போட்டது. மேலேயிருந்து ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் படர்ந்து வந்து கேபின் வாசலை நனைத்தது. அந்த நேரத்தில்தான் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஸாலிமின் வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்திரகுமார் மனைவியின் பெயரைச் சொன்னான். ஸாலிம் சரியென்றான். சுதர்ஷினி வரப்போகிறாள். மகளைத் தன் தங்கச்சி பிரேமலதாவின் வீட்டில் விட்டுவிட்டு, இத்தனை மாசத்துக்குப் பிறகு அவனோடு ஒரே கூரைக்கு அடியில் இருக்க வருகிறாள். அந்தக் கூரைக்குக் கீழே தண்ணீர் புகலாமா?

கான் மாஸ்டர் மமட்டியைக் கையில் எடுத்தான்.

கேபினுக்கு மேல்பக்கம், ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்து, சரளையைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போனான். வடக்குப் பக்கத்தில் வெள்ளைக் கற்கள் நிரம்பிய பெரிய வாதி, அதாவது காய்ந்த ஆறு ஒன்று கிடந்தது. அதில் கொண்டுபோய்க் கானைச் சேர்த்தான். றக்வானையில் செய்வதுபோல இடையிடையே மண் பிடிக்கக் குழியும் வைத்தான். சாய்வு அப்படியொரு சாய்வு, தண்ணீர் அவசரப்படாமல் நடந்து போகும். அடுத்த தூறலுக்கு அந்த மெல்லிய தண்ணீர் பெட்டிப்பாம்பாகக் கானுக்குள் இறங்கி வாதிக்குப் போனது. இந்திரகுமார் அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினான். ஸாலிமுக்கும் காட்டினான்.

ஸாலிம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். புவாட் நானா மொழிபெயர்க்காமல் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

"என்னா சொல்றாரு நானா?"

"அழகா இருக்காம். ஆனா தண்ணி மட்டும் வரும்னு நெனச்சு வெட்டியிருக்கீங்களாம்."

தண்ணீர் மட்டும் வராமல் வேறு என்ன வரும்? இந்திரகுமாருக்கு அது குதர்க்கமாகப் பட்டது.

சுதர்ஷினி வந்திறங்கினாள். பகலில் ஸாலிம் வீட்டுச் சமையல், அது தோட்டத்துக்கு அடுத்தாற்போல ஊருக்குள்ளே இருந்தது. பின்னேரம் கேபினுக்கு வந்துவிடுவாள். வந்த அன்றே குறை சொல்லத் தொடங்கிவிட்டாள் என்றால் அவள் இடத்தைத் தன் வீடாக எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். வெயில் கூடுதல், அரிசி நீளம், கேபினுக்குள் ஃபோன் சிக்னல் அறவே இல்லை.

"இம்புட்டு எடம் கெடக்கு, சிக்னல் இல்லாத எடமாப் பாத்தா பிடிச்சீங்க?"

"நெழலு இருக்குல்ல."

"நெழலு பேசுமா?"

நடந்து தேடிக் கடைசியில் அந்தக் கறுப்பு மேட்டின் மேல் சிக்னலைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து தினமும் வெயில் தாழ்ந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த மேட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஷாமிளாவோடு வீடியோவில் பேச்சு. சாப்பிட்டாயா, படித்தாயா, சின்னம்மாவை எதிர்த்துப் பேசினாயா என்று கல்லுக்குக் கேட்கும்படி விசாரணை நடக்கும். இந்திரகுமாருக்குக் கொஞ்சம் பொறாமைதான். அவன் தேர்ந்த இடத்தை விட்டு மனைவி தினமும் ஸாலிம் சொன்ன இடத்துக்குக் குடிபோகிறாள் என்று புவாட் நானா வேறு சீண்டினார்.

பிறகு கோடை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சுதர்ஷினிக்கு லீவு. ஸாலிம் காலையிலேயே தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோக, மதியம் சாய்ந்ததும் இந்திரகுமார் அதை உருட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினான். தலைக்கு மேலே வானம் கழுவித் துடைத்த தட்டுப்போல இருந்தது. மலைக்குப் பின்னால் மட்டும் ஒரு மேகம் கரிச்சட்டியைக் கவிழ்த்ததுபோல நின்றது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும் பெரிதாக எடுக்கவில்லை. றக்வானையில் மழை என்றால் அது தன் தலையில் விழ வேண்டும். நாள்கணக்கில் பெய்து, காடு குடித்து, தேயிலை குடித்து, மண் ஊறி, அதற்குப் பிறகுதான் ஓடை சிவக்கும். அடுத்தவன் தலையில் பெய்த மழை தன் வீட்டுக்கு வரும் என்று அவன் எப்படி நினைப்பான்? மொட்டைப் பாறைக்குக் குடிக்கத் தெரியாது என்பதை அவன் மறந்துபோனான்.

புவாட் நானாவின் கடையில் பால்டின்னை எடுத்துக்கொண்டு நின்றபோது ஒரு சத்தம் கேட்டது. லொறியொன்று கருங்கல்லைக் கொட்டும் சத்தம். ஆனால் கொட்டி முடியவில்லை, கொட்டிக்கொண்டே இருந்தது. புவாட் நானா அடுப்பை அணைத்தார்.

"வாதி வருது" என்றார்.

வந்தது. கடைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் மண்பாதை பள்ளத்தில் இறங்கும் இடம் ஒன்று உண்டு. முதலில் அதில் நுரையும் சுள்ளியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு அழுக்குச் சுருள் உருண்டு வந்தது. அதன் பின்னால் கோப்பி நிறத்தில் தண்ணீர். கண் மூடித் திறப்பதற்குள் பள்ளம் நிரம்பியது. தண்ணீருக்கு அடியில் கல் கல்லோடு மோதும் சத்தம் காலுக்குள் வந்து அதிர்ந்தது. மேலே பார்த்தால், இடுக்கின் வாயிலிருந்து ஒற்றை ஆறாக வந்தது வெளியில் இறங்கியதும் கைவிரல்போலப் பிரிந்து பரவிக்கொண்டிருந்தது.

இந்திரகுமார் கேபின் பக்கம் பார்த்தான். வெள்ளைக் கல் வாதியில் தண்ணீர் ஒழுங்காகத்தான் போனது. கொஞ்ச நேரம். பிறகு அந்த வாதியே மெல்ல உயர்வதுபோலத் தெரிந்தது. இடுக்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்த தண்ணீருக்கு வெளியே இடம் கிடைத்ததும் ஆழம் குறைந்தது, வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் சுமந்துவந்த கல்லைப் போட்டது. தான் ஓடும் வழியில் தானே கல்லைப் போட்டு, தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு, பக்கத்தில் பள்ளம் எங்கே என்று தாவியது. தாவிய தண்ணீர் அவனுடைய கானுக்குள் விழுந்தது.

அவன் மனம் ஒரு நொடி மகிழ்ந்தது. அந்த ஒரு நொடியை நினைத்து அவன் பிறகு வெட்கப்பட்டான்.

அத்தனை பார்த்துப் பார்த்து வைத்த மெல்லிய சாய்வு. றக்வானையில் மண்ணைக் காப்பாற்றிய சாய்வு. அதில் தண்ணீர் இன்னும் நிதானமாக நடந்தது, நிதானமாக நடந்ததால் மிச்சக் கல்லையும் அங்கேயே இறக்கியது. மண் பிடிக்க வைத்த குழிகள் முதல் மடக்கிலேயே நிறைந்தன. கான் இருந்த இடம் சரளையால் மட்டமானது. பிறகு மேடானது. தண்ணீர் அதைத் தாண்டி, கீழே நேராகப் பார்த்தால் என்ன இருக்கிறதோ அதைத் தேடிக்கொண்டு இறங்கியது. கீழே நேராக முள்மரமும் கேபினும் இருந்தன.

"சுதா" என்றான். அவன் போட்ட சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. பள்ளத்தை நோக்கி ஓடினான். புவாட் நானா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. பிறகு இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"காலு வச்சா கல்லு அடிச்சிட்டுப் போயிரும் தம்பி. நில்லுங்க."

"விடுங்க நானா, அவ உள்ள படுத்திருந்தா, நானா."

ஃபோனை எடுத்து வாட்ஸ்அப்பில் அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று காட்டியது. மறுபடியும் அதே. ஃபோனைத் தரையில் அடிக்க ஓங்கினான். கேபினின் ஒரு பக்கம் தூக்கிச் சாய்வதும், முள்மரத்தில் முட்டிக்கொண்டு நிற்பதும் இங்கிருந்தே தெரிந்தது. தான்தான் அந்தத் தண்ணீரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவள் தலைமாட்டில் விட்டோம் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேறு எதுவும் அதில் நுழையவில்லை.

புவாட் நானா அவன் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கித் திரையைப் பார்த்தார்.

"வேற கோல்ல இருக்காளா?"

"ஆமா."

"யா அல்லாஹ். தம்பி, கேபினுக்குள்ள சிக்னல் ஏது?"

இந்திரகுமாருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுதான். கடைக்கு வந்திருந்த லொறிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்த வேகத்தில் வற்றியது. பாதி சரளைக்குள்ளே இறங்கிவிட்டது. பேரீச்சைக்கு அடியில் புதிதாக ஒரு படி வண்டல் படிந்திருந்தது, பார்த்தால் யாரோ மெழுகிவிட்டுப் போனதுபோல. இந்திரகுமார் முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து மேலே ஓடினான். கான் இருந்த அடையாளமே இல்லை. கேபினின் கதவு பிளந்து, கட்டில் கால் மறையும் வரைக்கும் உள்ளே கல் நிறைந்திருந்தது.

கறுப்பு மேட்டில் வாளியின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மேட்டின் இரண்டு பக்கமும் ஈரம். மேட்டில் ஒரு கல் நனையவில்லை. ஃபோன் இன்னும் கையில் இருந்தது. அதற்குள்ளிருந்து ஷாமிளாவின் அழுகை கேட்டது.

"இந்தா அப்பா வந்துட்டாரு. முழுசா இருக்காரு, சட்டைதான் இல்ல. நீ அழாத" என்றாள் சுதர்ஷினி. ஃபோனை வைத்த பிறகுதான் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இந்திரகுமார் அவள் முன்னால் மண்டியிட்டான். "நான் வெட்டின கான்தான், சுதா" என்றான்.

"பாத்தேன். மேலருந்து நல்லாத் தெரிஞ்சிச்சு." அவன் தலையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். "கான்ல ஒரு குத்தமும் இல்லீங்க. இந்தத் தண்ணி மலையவே தூக்கிட்டு வருது. மலைய எந்தக் கான்ல விடுவீங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஸாலிம் கிரேன் லொறியோடு வந்தான். கல்லை வாரிக் கொட்டி நெளிவெடுத்த கேபினை லொறி தூக்கிப் பிடித்தது. ஸாலிம் திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. முதல்நாள் கேட்டதையே மறுபடி கேட்டான். எங்கே இறக்குவது?

இந்திரகுமார் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீ சொல்லு."

"நான் சொல்லவா?"

"நீதான்."

கொழுந்துக்கூடை சுமந்து வளர்ந்த அவளிடமும் இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சுதர்ஷினி செருப்பைச் சரிசெய்துகொண்டு கறுப்பு மேட்டில் ஏறினாள். நடந்தாள். ஒரு கல்லைக் காலால் புரட்டினாள். மேலே கறுப்பு, அடியில் செங்கல் நிறம். அசையாமல் கனகாலம் கிடந்த கல். ஃபோனைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் நாலடி தள்ளி நின்றாள்.

"இங்க."

கேபின் அசைந்து அசைந்து வந்து தலைக்கு மேலே நின்றது. கிரேன்காரன் கத்திக் கேட்டான். புவாட் நானா திருப்பிச் சொன்னார். "வாசல் எந்தப் பக்கம்னு கேக்கிறான்."

லயத்தில் எல்லா வாசலும் ஒரே பக்கம்தான், அதுவும் என்றைக்கோ யாரோ வைத்தது. மலையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். இந்திரகுமார் மட்டம் பார்க்கும் பழக்கத்தில் ஒரு கண்ணை மூடப்போய், சட்டென்று திறந்துகொண்டான். கிரேன்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"மலையப் பாத்து வைக்கச் சொல்லுங்க" என்றாள் கடைசியில். "அது கெளம்பி வந்தா, நம்ம வாசல்ல ஒக்காந்து பாக்கலாம்ல."